ஏற்புரையில் யார் பெயரைச் சொல்வது?

பள்ளி முதல்வர் ஒருவரின் பணி நிறைவு விழாவில், அவர் மைக் முன்னால் வந்து நிற்பதற்குள் ஆறேழு பேர் பேசி முடித்திருப்பார்கள். ஒரு வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, நடுவில் "இரண்டே நிமிடம்" என்று சொல்லி ஏறியவர் எடுத்துக்கொண்ட கால் மணி நேரம். அதற்கெல்லாம் பிறகுதான் ஏற்புரை. அதற்குள் முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய ஆரம்பித்திருப்பார்கள். பின்வரிசை ஆசிரியர்கள் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் நின்று, இத்தனை வருடம் கூட வேலை செய்த எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். யாரையும் விட்டுவிடக் கூடாது, அழுதுவிடக் கூடாது, நீட்டவும் கூடாது.

நான் தமிழாசிரியர். பள்ளியில் எழுத்து வேலை எது வந்தாலும் அது தமிழாசிரியர் தலையில்தான் விடியும். அழைப்பிதழ், வரவேற்புரை, இரங்கல் தீர்மானம், ஆண்டறிக்கை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். யார் ஓய்வு பெற்றாலும் ஏற்புரையும் என் மேசைக்கு வந்துவிடும். அப்படி வந்தவற்றில் முதல்வருடைய ஏற்புரைதான் எப்போதும் கஷ்டமானது. ஓர் எழுத்தர் ஓய்வு பெறும்போது அவர் சொல்லும் நன்றியை யாரும் எடை போட மாட்டார்கள். முதல்வர் சொல்வது அப்படியில்லை. நேற்றுவரை விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர், வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பாடத்தைக் கவனித்துக் குறிப்பெழுதியவரும் அவரே. அவர் மேடையில் ஒருவரை இரண்டு வரியும் இன்னொருவரை ஒரு வரியும் சொன்னால், அதைக் கடைசி மதிப்பீட்டு அறிக்கையாகத்தான் எல்லோரும் படிப்பார்கள். அவர் மனதில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் சரி.

எங்கள் முதல்வர் ஓய்வு பெற்றபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்து, துணை முதல்வராகி, பிறகு முதல்வரானவர். கோடு போட்ட தாளில் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

"ஐயா, எழுத்துப் பிழை மட்டும் பாருங்க. வேற எதையும் குறைச்சிடாதீங்க," என்றார்.

நான் வாங்கிக்கொண்டு, "மேடம், முதல்ல நீங்களே ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டுங்க," என்றேன். மனதுக்குள் படிப்பது வேறு, வாய்விட்டுப் படிப்பது வேறு. மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொற்களுக்கு மேல் போகாது. கைதட்டலும் சிரிப்பும் வந்தால் அதுவும் குறையும். மேடம் படித்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாதியில் அவரே இரண்டு முறை தண்ணீர் குடித்தார். முடித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டு, "ரொம்ப நீளமோ?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஒன்பது பக்கத்தில் இரண்டு பக்கம் அவருடைய வாழ்க்கை வரலாறு. வாழ்த்துரை சொல்பவர்கள் எப்படியும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். ஒரு பக்கம் புதிதாகக் கட்டிய கட்டடங்களும் தேர்ச்சி விழுக்காடும். அது ஆண்டறிக்கையில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது, எழுதியவனே நான்தான். ஒரு பக்கம் சிறப்பு விருந்தினர், ஒலிபெருக்கி, பந்தல் என்று எல்லோருக்கும் நன்றி. நிகழ்ச்சி நிரலில் ஏற்புரைக்கு அடுத்தபடியாக நன்றியுரை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல ஓர் ஆசிரியரும் இருக்கிறார். அவருடைய வேலையை முதல்வரே செய்துவிட்டால் அவர் மேடையேறி என்ன சொல்வார்? இந்த நான்கு பக்கமும் பெரிய வாக்குவாதம் இல்லாமல் போய்விட்டன.

சிக்கல் மிச்சம் இருந்த ஐந்து பக்கத்தில்தான். மூன்று பக்கத்துக்குப் பெயர்ப் பட்டியல். ஆசிரியர்கள், அலுவலகம், ஆய்வகம், வாகனம், துப்புரவு, காவல் என்று அறுபத்து நான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புகழ்ச்சி. கடைசி இரண்டு பக்கம் மாணவர்களுக்கு.

பெயர்ப் பட்டியலின் கணக்கை முதலில் போட்டுக் காட்டினேன். ஒரு பெயரும் அதற்கு ஒரு சின்ன வாக்கியமும் சொல்ல எட்டு முதல் பத்து நொடி ஆகும். அறுபத்து நான்கு பேருக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் பெயருக்காகக் காத்திருப்பார்கள். வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். சொல்பவருக்கும் பத்தாவது பெயருக்கு மேல் புகழ்ச்சி தீர்ந்துவிடும். மேடத்தின் தாளில் 'அயராத உழைப்பாளி' ஐந்து பேர், 'அர்ப்பணிப்பு உணர்வு மிக்கவர்' ஏழு பேர், 'எப்போதும் சிரித்த முகம்' நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு பாடுபட்டும், போன வருடம் சேர்ந்த ஒருவர் பெயர் விட்டுப்போயிருந்தது. விழா முடிந்த பிறகு அந்தப் பேச்சில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கப்போவது விட்டுப்போன அந்த ஒரு பெயர்தான்.

"அப்ப யார் பேரையும் சொல்லக் கூடாதா?" மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் கூட இருந்தவங்களுக்கு மொத்தமா 'ஆசிரியப் பெருமக்களே நன்றி'ன்னு சொல்லிட்டுப் போகச் சொல்றீங்களா?"

கோபம் நியாயமானதுதான். மொத்தமாகச் சொல்லும் நன்றி யாருக்கும் போய்ச் சேராது. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பள்ளியில் உங்களுக்கு மட்டும் தெரிந்த வேலைகள் எவை? ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துவது அவருடைய மாணவர்களுக்கே தெரியும். முதல்வர் நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற வேலைகள் சில உண்டு. அவற்றைச் செய்பவர்களுக்கே, யாராவது கவனித்தார்களா என்ற சந்தேகம் இருக்கும். அதற்குச் சாட்சி சொல்ல முதல்வரைத் தவிர ஆள் கிடையாது. நாளை முதல் அந்த ஒரு சாட்சியும் இருக்காது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்ன முதல் விஷயம், மாற்று வகுப்பு நோட்டு.

பள்ளியில் வேலை செய்யாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தினமும் காலையில் சில ஆசிரியர்கள் விடுப்பு சொல்லிவிடுவார்கள். ஐந்து பேர் வரவில்லை, ஒவ்வொருவருக்கும் எட்டு பாடவேளையில் ஐந்தோ ஆறோ வகுப்பு என்றால், ஏறக்குறைய இருபத்தேழு பாடவேளைக்கு வேறு ஆள் போட வேண்டும். அதுவும் முதல் மணி அடிப்பதற்குள். யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வு, யார் நேற்றே இரண்டு மாற்று வகுப்பு போனார், யார் இன்று செய்முறைத் தேர்வில் இருக்கிறார், எந்த வகுப்பை யாரிடம் விட்டால் அடங்கும் என்றெல்லாம் பார்த்து, கால அட்டவணைப் பொறுப்பாசிரியர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். கையெழுத்து போடுகிறவர் யாரும் சந்தோஷமாகப் போட மாட்டார்கள். கிடைத்த ஒரே ஓய்வு வேளை அதோடு போய்விடும். இந்தப் பொறுப்பை வைத்திருப்பவருக்கு ஆசிரியர் அறையில் நண்பர்கள் குறைவு. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, ஒரு வகுப்பு விட்டுப்போனால் அந்தச் சத்தம் பள்ளி முழுக்கக் கேட்கும்.

மேடம் அந்த நோட்டுகளைப் பல வருடமாக மாதக் கடைசியில் பார்த்துக் கையெழுத்திட்டவர். "ஐயா, அந்த டீச்சர் முடிஞ்சவரைக்கும் ஒருத்தருக்கே ரெண்டு மாத்து வகுப்பு அடுத்தடுத்துப் போட மாட்டாங்க. வேற ஆளே இல்லாத நாள்ல ரெண்டாவதுல தன் பேரைத்தான் எழுதியிருப்பாங்க. இது ஸ்டாஃப்ல யாருக்கும் தெரியாது," என்றார்.

முதல் தாளில் இதே ஆசிரியைக்கு எழுதியிருந்தது என்ன தெரியுமா? 'எனக்குப் பக்கபலமாக இருந்த, அர்ப்பணிப்பு உணர்வு மிக்க.' அவ்வளவுதான்.

நன்றியில் இரண்டு வகை உண்டு. 'உங்களால் எனக்கு நிம்மதியாக இருந்தது' என்பது ஒன்று, 'நீங்கள் செய்தது இது' என்பது இன்னொன்று. சாரா அல்கோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தம்பதியர் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவு செய்து, இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். தனக்குக் கிடைத்த பயனைச் சொன்னதைவிட, எதிரில் இருப்பவர் செய்ததைப் பாராட்டிச் சொன்னதுதான் கேட்டவருக்கு அதிக நெருக்கத்தையும் மகிழ்ச்சியையும் தந்தது. பள்ளி மேடைக்கும் இது பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. முதல்வர்களின் ஏற்புரைகளில் நன்றி முழுக்க 'எனக்கு', 'என்னுடன்', 'என் வெற்றிக்கு' என்றே போகும். கேட்பவர்கள் அந்த வெற்றிக்குத் துணைப் பாத்திரங்களாகிவிடுவார்கள்.

மேடத்துக்கு வழி புரிந்துவிட்டது. அதன் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. துறை வாரியாக, பதவி வாரியாகப் போகாமல், பள்ளியின் ஒரு நாளை எடுத்துக்கொண்டார். காலையில் கதவைத் திறப்பதில் ஆரம்பித்து மாலையில் பூட்டுவது வரை, ஒவ்வொரு நேரத்திலும் நடக்கிற வேலையைச் சொல்வது. பெயர் கிடையாது, வேலைதான். அந்த வேலையைச் செய்கிறவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். வரிசையிலும் வம்பு இல்லை. காவலாளிக்கு முதல் நன்றி போனதற்குக் காரணம் அவர்தான் முதலில் வருகிறார் என்பது. துணை முதல்வர் முன்னாலா பின்னாலா என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போனது.

இறுதி வடிவத்தில் அந்தப் பகுதி இப்படி ஆரம்பித்தது:

"காலை ஆறரைக்குக் கதவு திறக்கும். நான் ஏழரைக்குத்தான் வருவேன். அந்த ஒரு மணி நேரத்தில் சீக்கிரமாகக் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள் காவலாளி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அவர் அவர்களுக்காக ஒரு பழைய பெஞ்சைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த பெஞ்சுக்கு நன்றி சார். ஏழு மணிக்குள் கழிப்பறைகள் கழுவி முடிந்திருக்கும். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தரை காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிவிடும் என்பதற்காகச் சின்ன வகுப்புப் பக்கம் முதலில் கழுவுகிறார்கள். இந்த வரிசையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்களே கண்டுபிடித்தது. நன்றி அம்மா."

அப்புறம் நோட்டு:

"எட்டே காலுக்கு ஆசிரியர் அறைக்குள் ஒரு சின்ன நோட்டு வரும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் அவசரமாகத் திருத்த வேண்டிய விடைத்தாள் ஞாபகம் வரும். நானும் ஆசிரியராக இருந்தபோது அப்படித்தான் குனிந்துகொள்வேன். ஆனால் அந்த நோட்டை மாதம் ஒரு முறை முழுக்கப் படிக்கிற ஒரே ஆள் நான். உங்கள் யாருக்கும் தொடர்ந்து இரண்டு வகுப்பு விழாமல் பார்த்துக்கொண்டு, வேறு வழியில்லாத நாளில் அதில் எழுதப்பட்டிருந்த பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியும். டீச்சர், நான் அதைப் படித்தேன்."

கணக்குப் பார்த்தால் நாற்பது நொடி. பட்டியலில் இதே நேரத்தில் நான்கு பெயர் போயிருக்கும்.

இதே யோசனை எனக்கு வருவதற்கு ஒரு பழைய பேச்சும் காரணம். 1939 ஜூலை 4 அன்று, நோயால் ஆட்டத்தை விட்டு விலகிய அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக், நியூயார்க் யாங்கி மைதானத்தில் மிகச் சுருக்கமாக விடைபெற்றார். அதில் மேலாளர்களோடும் சக வீரர்களோடும் சேர்த்து மைதானப் பணியாளர்களையும் சொல்கிறார், எதிரணியையும் சொல்கிறார். அன்று அங்கே தரையைப் பராமரிக்கிறவர்களைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

எல்லாவற்றையும் மேடையில் சொல்லிவிட முடியாது என்பதிலும் எங்களுக்குள் ஒரு நாள் முழுக்கப் பேச்சு ஓடியது. ஓர் ஆசிரியர் தன் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இரண்டு வருடம் சத்தமில்லாமல் கட்டணம் கட்டியிருக்கிறார். மேடத்துக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். 'பெயர் சொல்லாமல் சொல்கிறேன்' என்றார். ஆனால் அந்த மாணவன் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பான். எந்த ஆசிரியர், எந்த வருடம் என்று கொஞ்சம் கோடு காட்டினாலே வகுப்பில் முப்பது பேரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆசிரியரைப் புகழ்வதற்கு அந்தப் பையன் செலவாக வேண்டுமா? இன்னொருவர், வீட்டில் ஒரு மரணம் நடந்த மூன்றாம் நாளே பொதுத்தேர்வு வேலைக்கு வந்தவர். அதையும் மேடம் எழுதியிருந்தார். அவருடைய குடும்பம் விழாவுக்கு வருகிறது. அவர்கள் வீட்டுத் துக்கத்தை ஒலிபெருக்கியில் கேட்க அவர்களுக்குச் சம்மதமா என்று தெரியாது. முதலில் அவரிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார். அவர் "வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிட்டார்.

இந்த இரண்டையும், இதைப் போல இன்னும் சிலவற்றையும் கடிதமாக எழுதலாம் என்று முடிவானது. கையால், ஒருவருக்கு ஒரு பக்கம். மேடத்துக்குத் தயக்கம். "இத்தனை வருஷம் ஆபீஸ் சர்க்குலர் அனுப்பிட்டு இப்ப போய்க் கடிதம் எழுதினா ஒரு மாதிரி இருக்காதா?" இந்தத் தயக்கம் எழுதுகிறவருக்கு மட்டும்தான். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் இதையே சோதித்திருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குபவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள், பிறகு வாங்கியவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சங்கடம் வாங்கியவர்களுக்கு இல்லை. சந்தோஷம் எதிர்பார்த்ததைவிட அதிகம். மேடம் எழுதினார். எத்தனை பேருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெட்ட வேண்டிய வாக்கியம் இன்னொன்று இருந்தது. 'என்னை எதிர்த்தவர்களுக்கும், எனக்குத் தடைக்கற்களாக இருந்தவர்களுக்கும் நன்றி. அவர்களால்தான் நான் வளர்ந்தேன்.' முக்கால்வாசி பிரிவுபசாரப் பேச்சுகளில் இது இருக்கும். சொல்பவருக்குப் பெருந்தன்மையாகத் தோன்றும். கீழே உட்கார்ந்திருப்பவர்களோ உடனே யார் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள், இரண்டு பேர் முகம் சுருங்கும். நன்றி என்ற உறைக்குள் வைத்துக் கொடுத்த குத்து அது. அதற்குப் பதிலாக ஒரு உண்மையான எதிர்ப்பைச் சொல்லலாமே என்று கேட்டேன். பத்தாம் வகுப்புக்கு மாலை ஏழு வரை சிறப்பு வகுப்பு வைக்கலாம் என்று மேடம் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது, ஓர் இளைய ஆசிரியை எழுந்து, "வேண்டாம் மேடம், ஐந்தரைக்கு மேல நான் சொல்ற எதுவும் அவங்க காதில ஏறல," என்றார். கூட்டமே அமைதியானது. ஐந்தரையோடு முடிந்தது அந்த ஏற்பாடு. ஏற்புரையில் அது மூன்று வரியாக வந்தது. அந்த ஆசிரியைக்கு அதை முன்கூட்டியே காட்டிச் சம்மதமும் வாங்கியாகிவிட்டது.

மாணவர்களுக்கான இரண்டு பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைப்பு 'மாணவச் செல்வங்களுக்கு நன்றி.' உள்ளே நன்றி ஒரு வரிகூட இல்லை. நேரம் தவறாமை, செல்போன், பெற்றோர் சொல் கேட்பது, பெரிய கனவு காண்பது. மாணவர்களுக்கு நன்றி சொல்ல வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போவது எங்கள் தொழிலின் பழக்கம். பிள்ளைகளுக்கும் அது பழகிப்போயிருக்கிறது. முதல்வர் 'அன்பு மாணவர்களே' என்றதும் காதை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள்.

"பிள்ளைகளுக்கு எதுக்கு நன்றி சொல்றது?" என்று உண்மையாகவே கேட்டார் மேடம். "அவங்க படிச்சாங்க. அது அவங்களுக்கு."

கொஞ்சம் பொறுத்து, கதவைத் தட்டும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் சிலர் வருவார்களாம். அறை வாசலில் நின்று, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு, உள்ளே வா என்றாலும் வராமல் நிற்பார்கள். "மிஸ், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. என் ஃப்ரெண்ட் ரெண்டு நாளா அழுதுட்டே இருக்கா." அல்லது, "அவன் வீட்டுக்குப் போகப் பயப்படறான் மிஸ்." இப்படிப் பிள்ளைகள் வந்து சொன்னதால்தான் ஆலோசகரும் பெற்றோரும் சரியான நேரத்தில் உள்ளே வர முடிந்த சந்தர்ப்பங்கள் பல. ஆசிரியர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்குத் தெரியும்.

இதில் யாரையும் அடையாளம் காட்டும் ஆபத்தும் இல்லை. பல வருடம், பல முகம். அறிவுரைப் பக்கங்கள் போய் இது வந்தது. வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக உடைத்தோம். ஒன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகிற வாக்கியம் பாதிப் பேரை விட்டுவிட்டுத்தான் போகும்.

"என் அறைக்கதவைத் தட்டினவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்காக வரவில்லை. உங்கள் நண்பனுக்காக வந்தீர்கள். கோள் சொல்கிறோமோ என்று பயந்தீர்கள். அது கோள் இல்லை. நீங்கள் சொன்னதால் ஒருவருக்கு உதவி கிடைத்தது. நீங்கள் யார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு நன்றி. அந்தக் கதவு நாளையும் இருக்கும். உள்ளே புது முதல்வர் இருப்பார். தட்டுங்கள்."

கடைசி மூன்று வரி மேடமே சேர்த்தது. புதிய முதல்வர் மேடையில் இருக்கப்போகிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த மாதிரி விழாக்களில் அடுத்து வருபவர் நிலைமை பரிதாபம். முந்தையவரின் புகழைக் கேட்டுக்கொண்டே, 'இந்த நாற்காலியை இனி யாராலும் நிரப்ப முடியாது' என்ற வாக்கியத்துக்கும் கைதட்ட வேண்டியிருக்கும். மேடம் அவரிடம் பொறுப்பை எல்லோர் முன்னாலும் ஒப்படைத்தார். ஆசிரியர்கள் பகுதியின் முடிவிலும் ஒரு வரி வைத்திருந்தார்: "நாளை முதல் பள்ளி விஷயமாக எனக்குப் போன் செய்தால் எடுக்க மாட்டேன். சொந்த விஷயம் என்றால் எடுப்பேன், அதையும் ஞாயிற்றுக்கிழமை."

மாணவர் பகுதியை முதலில் வைத்தோம். வழக்கமாக அது கடைசியில்தான் வரும். அதற்குள் சின்ன வகுப்புகளை வரிசையாக எழுப்பி வண்டிக்கு அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள், யாருக்குச் சொல்கிறோமோ அவர்கள் இருக்க மாட்டார்கள். குடும்பத்துக்கான நன்றியை நடுவில் இரண்டே வரியாக வைத்தோம். குரல் உடைவது பெரும்பாலும் அங்கேதான். அது கடைசியில் இருந்தால் பேச்சே அங்கே நின்றுவிடும், நடுவில் இருந்தால் அடுத்த பத்தி ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த இடத்துக்கு அடுத்தபடியாகத்தான் ஆசிரியர் அறை நோட்டு. சிரிப்பு வருகிற பகுதி என்பதால் வேண்டுமென்றே அங்கே வைத்தது. தாளில் பெரிய எழுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின் அடிக்காமல் எண் போட்ட தனித்தனித் தாள்கள். எந்த வாக்கியமும் ஒரு தாளில் ஆரம்பித்து அடுத்த தாளில் முடியக் கூடாது. மொத்தம் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

விழாவில் ஒரு சோதனை வந்தது. மேடத்துக்கு முன் பேசிய பழைய மாணவர் ஒருவர், காவலாளியின் பெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவராம். அவர் சொன்னது மேடம் எழுதியதைவிட நன்றாகவும் இருந்தது. எனக்குக் கை சில்லிட்டுப்போனது. ஏற்புரையில் இது அடிக்கடி நடக்கும். நாம் வைத்திருக்கும் சம்பவத்தை முன்னால் பேசுகிறவர் எடுத்துவிடுவார். அதற்காகத்தான் கூடுதலாக ஒரு சம்பவத்தைத் தனித் தாளில் எழுதிக் கடைசியில் வைத்திருந்தோம். மேடம் அதை எடுக்கவில்லை. மைக் முன்னால் வந்து, "பெஞ்சைப் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு பத்தி மிச்சம். அதில் இருந்த நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன், சார்," என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார். காவலாளி எழுந்து நின்றுவிட்டார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கழுவின தரை, நோட்டு, ஐந்தரை மணி எல்லாம் எழுதியபடியே போயின. நோட்டுப் பத்தியில் ஆசிரியர்கள் பக்கம் சிரிப்பு ஆரம்பித்து, 'டீச்சர், நான் அதைப் படித்தேன்' என்ற இடத்தில் அடங்கியது. பெயர் சொல்லாமலே மூன்று வரிசையும் ஒரே பக்கம் திரும்பின.

இந்த முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. கடிகாரத்தை வைத்து நன்றி சொன்னால், நேரத்தில் அடங்காத வேலை செய்கிறவர்கள் விட்டுப்போவார்கள். எங்கள் கணினி ஆய்வக உதவியாளர் அப்படித்தான் விட்டுப்போனார். மதிப்பெண் பதிவேற்றம், சேர்க்கைப் படிவம், அணைந்துபோகும் ப்ரொஜெக்டர் என்று எந்த நேரத்திலும் ஓடுகிறவருக்குக் காலை முதல் மாலை வரையிலான வரிசையில் இடமே இல்லாமல் போய்விட்டது. மறுநாள் காலை மேடத்துக்கு அது உறைத்து, அவரே போன் செய்தார்.

"தம்பி, நேத்து உங்களைச் சொல்லாம விட்டுட்டேன். மனசே சரியில்ல."

"அப்படியா மேடம்? நான்தான் மைக் செட் பக்கத்தில நின்னேன். நீங்க பேசறப்ப கீச்சுனு சத்தம் வந்துடக் கூடாதேன்னு அதையே பாத்துட்டு இருந்தேன். நீங்க என்ன பேசினீங்கன்னே எனக்குத் தெரியாது."